காரைக்குடியில் என் முதல் ஸ்நூக்கர் ஃப்ரேம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றாய்? உண்மையைச் சொல்.

63க்கு 10. அத்தான் 63, நான் 10.

ஆனால் அந்த 63ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். அத்தான் பந்தைப் பாக்கெட்டில் போட்டு எடுத்தது 38தான். மீதி 25 நான் ஃபவுல் செய்து அவருக்குக் கொடுத்தது. ஸ்நூக்கரில் நீங்கள் தப்பு செய்தால் உங்கள் கணக்கிலிருந்து எதுவும் குறையாது, எதிராளி கணக்கில் ஏறும். என் 10லும் 4 அத்தான் செய்த ஃபவுலில் வந்ததுதான், ஆக நானாகச் சம்பாதித்தது வெறும் 6. கேரம் போர்டில் எங்கள் தெருவில் என்னை அடிக்க ஆளில்லை என்ற மிதப்பில் போனவன் நான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

15 சிவப்பு, ஆறு கலர், ஒரு வெள்ளை. எதை எப்போது அடிக்கணும்? சுருக்கமாகச் சொல்லேன்.

வெள்ளையை மட்டும்தான் ஸ்டிக்கால் அடிக்கலாம். முதலில் ஒரு சிவப்பைப் போடணும், 1 பாயிண்ட். அது விழுந்தால் அடுத்து ஒரு கலர், அது விழுந்தால் மறுபடி சிவப்பு, மறுபடி கலர். சிவப்பு விழுந்தால் போனது போனதுதான், கலர் மட்டும் தன் இடத்துக்குத் திரும்பி வரும். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு கலர்களை வரிசையாகப் போடணும்: மஞ்சள் 2, பச்சை 3, பிரவுன் 4, நீலம் 5, பிங்க் 6, கறுப்பு 7. அப்போது அவையும் திரும்பி வராது.

இதை அத்தான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாலுக்கு நடக்கும்போதே சொல்லிவிட்டார். நானும் புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டியதற்கு 7 பாயிண்ட் தண்டம் கட்டினேன், கீழே வருகிறது.

முதல் அடியிலேயே என்ன தப்பு நடக்க முடியும்?

எனக்கு நடந்தது இதுதான். டாஸில் ஜெயித்தேன், ‘நானே உடைக்கிறேன்’ என்றேன். டேபிளின் ஒரு முனையில் பாதி வட்டம் ஒன்று வரைந்திருக்கும், அதை ‘டி’ என்பார்கள். வெள்ளையை அதற்குள் எங்கே வேண்டுமானாலும் வைத்து அடிக்கலாம். வைத்தேன். பிறகு கேரமில் நடுக்கூட்டத்தை ஸ்டிரைக்கரால் உடைப்போமே, அந்த மாதிரி இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன்.

சிவப்பெல்லாம் டேபிள் முழுக்கச் சிதறியது. எனக்கு ஒரே சந்தோஷம். வெள்ளை மூன்று குஷனில் முட்டித் திரும்பி வந்து மூலைப் பாக்கெட்டில் அழகாக இறங்கியது. மார்க்கர் அண்ணன் (ஹாலைப் பார்த்துக்கொண்டு ஸ்கோரும் போடுகிறவரை எல்லா ஊரிலும் மார்க்கர் என்றுதான் சொல்கிறார்கள்) சுவரில் இருந்த மரப்பலகையில் அத்தான் பக்கத்து முள்ளை 4க்கு நகர்த்தினார். வெள்ளை பாக்கெட்டில் விழுந்தால் ஃபவுல், குறைந்தபட்சம் 4. அதைவிடக் கொடுமை, சிதறிக் கிடந்த அத்தனை சிவப்பும் இப்போது அத்தானுக்குப் பந்தி விரித்த மாதிரி.

தெரிந்தவர்கள் அடிக்கும் முதல் அடியைப் பார்த்தால் ‘இவ்வளவுதானா?’ என்றிருக்கும். பிரவுனுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் வெள்ளையை வைத்து, சிவப்பு முக்கோணத்தின் கடைசி ஓரத்துப் பந்தை லேசாக உரசவிட்டு, வெள்ளையைச் சுற்றிக்கொண்டு தங்கள் முனைக்கே திருப்பி அழைத்துவிடுவார்கள். சிவப்பை உடைப்பதல்ல நோக்கம். அடுத்தவனுக்கு ஒன்றும் கிடைக்காமல் வெள்ளையைத் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. நான் செய்தது அதற்கு நேர் எதிர்.

அந்த நீலக் கட்டி எதுக்கு? கேரம் பவுடர் மாதிரியா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மேஜை ஓரத்தில் சாக்கட்டி இருந்ததும் எடுத்து இடது கையில், ஸ்டிக் வழுக்கி ஓடுகிற கட்டைவிரல் பள்ளத்தில், நன்றாகத் தேய்த்தேன். கை நீலமாகிவிட்டது. ஸ்டிக் வழுக்குவதற்குப் பதில் கையில் பிடித்துப் பிடித்து நின்றது. அத்தான் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

சாக் என்பது கேரம் பவுடருக்கு நேர் எதிர் வேலை செய்கிறது. போரிக் பவுடர் வழுக்குவதற்கு, சாக் வழுக்காமல் இருப்பதற்கு. ஸ்டிக்கின் நுனியில் சின்னத் தோல் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். பந்து வழவழப்பான உருண்டை. பந்தின் நடுவில் அடித்தால் சாக் இல்லாமலேயே சமாளிக்கலாம், ஆனால் கொஞ்சம் கீழேயோ பக்கவாட்டிலோ அடித்தால் தோல் சறுக்கிவிடும். ‘டிக்’ என்று ஒரு காய்ந்த சத்தம் வரும், வெள்ளை எங்கேயோ கோணலாக ஓடும். அதுதான் மிஸ்க்யூ. சாக்கில் இருக்கும் நறநறப்பான தூள் தோலில் ஒட்டிக்கொண்டு பந்தை ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பெயர்தான் சாக், பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தேய்த்தால் இந்த வேலை நடக்காது.

போடுகிற விதமும் இருக்கிறது. நான் கட்டியை நுனியில் வைத்து, சாவி திருகுகிற மாதிரி திருகினேன். எல்லாப் புது ஆளும் அதைத்தான் செய்கிறான், அதனால்தான் ஹாலில் கிடக்கும் பாதிச் சாக்கட்டிகளில் நடுவில் குழி விழுந்திருக்கும். குழிக்குள் திருகினால் ஓரத்து மரத்தில் நீலம் ஏறும், நடுத் தோலில் ஏறாது. மார்க்கர் அண்ணன் என் கையிலிருந்து ஸ்டிக்கை வாங்கி, நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வீட்டில் ஆத்தா நெற்றியில் திருநீறு பூசிவிடுவாரே அந்த மாதிரி, கட்டியின் பரப்பால் பக்கவாட்டில் லேசாக நான்கைந்து முறை பூசினார். ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு விளக்குப் பக்கம் தூக்கிக் காட்டினார். ‘பாரு தம்பி, எங்கயும் பளபளன்னு தெரியக்கூடாது. பளபளப்பு இருந்தா அங்க சாக் இல்லன்னு அர்த்தம்.’

இதையெல்லாம் அவர் டேபிளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தார் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

சாக்கட்டி டேபிளில் விழுந்தால் ஃபவுலா?

எந்தப் பந்தின் மேலும் படாமல் விழுந்தால் ஃபவுல் இல்லை. ஏதாவது ஒரு பந்தில் பட்டால் ஃபவுல்.

என்னுடையது படவில்லை. சாக்கட்டியை குஷன் மரத்தின் மேல் வைத்திருந்தேன், நீலப் பக்கம் கீழே பார்த்த மாதிரி. குனியும்போது முழங்கை தட்டி, கட்டி துணி மேல் விழுந்து இரண்டு உருட்டு உருண்டு நின்றது. பாயிண்ட் போகவில்லை. பச்சைத் துணியில் நீலமாக இரண்டு தடம், மரத்தில் ஒரு சதுரம். நான் அவசரமாகக் கையால் துடைக்கப் போனேன். அதுவரை குரலே உயர்த்தாத மார்க்கர் அண்ணன் ‘கையை எடுங்க!’ என்றார். ஹாலில் மற்ற டேபிளில் ஆடியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேய்த்தால் தூள் கம்பளி இழைக்குள் இறங்கிவிடும், பிறகு வராது. அவர் சின்ன பிரஷ் கொண்டுவந்து ஒரே திசையில் மெதுவாகத் தள்ளி எடுத்தார். சாக் துகள் துணியில் கிடந்தால் பந்தில் ஒட்டும். வெள்ளையும் இன்னொரு பந்தும் மோதுகிற அந்தப் புள்ளியில் துகள் மாட்டினால் பந்து லேசாகத் துள்ளும், சரியாகக் குறிவைத்த பந்தும் விலகிப் போகும். இதற்கு ‘கிக்’ என்று பெயர். அடித்தவன் மேல் தப்பே இல்லாமல் போகும் அடி அது. டேபிளுக்கு மேலே ஸ்டிக்கை நீட்டிச் சாக் போடாதே என்பது அதனால்தான், மரியாதைக்காக மட்டும் இல்லை. மேலே போட்டால் தூள் கீழேதான் விழும். இப்போது நான் ஓரடி பின்னால் போய்த்தான் போடுகிறேன், கட்டி சட்டைப் பைக்குப் போகிறது. சட்டைப் பை நீலமாவதைப் பற்றி வீட்டில் கேட்காதீர்கள்.

சிவப்புக்கு அப்புறம் இன்னொரு சிவப்பு போட்டால் என்ன? அதுவும் பாயிண்ட்தானே?

ஐயோ, இல்லை. ஆட்டத்திலேயே பெரிய தண்டம் இதற்குத்தான், 7.

ஸ்கோர் அப்போது 10க்கு 0. அத்தான் ஒரு சிவப்பும் நீலமும் போட்டுவிட்டு அடுத்ததைத் தவறவிட்டார். பாக்கெட் வாயில் ஒரு சிவப்பு தொங்கிக்கொண்டிருந்தது, குழந்தைகூடப் போடும். போட்டேன். என் வாழ்க்கையின் முதல் பாயிண்ட். அந்த வேகத்தில் பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு, அதையும் போட்டேன்! திரும்பினால் மார்க்கர் அண்ணன் அத்தான் முள்ளை 10லிருந்து 17க்கு நகர்த்துகிறார்.

முதல் சிவப்பின் 1 என்னிடமே இருந்தது. இரண்டாவதாகப் போட்ட சிவப்பு டேபிளுக்குத் திரும்பவில்லை. ஃபவுலில் விழுந்தாலும் சிவப்பு திரும்பாது. என் முறை முடிந்தது. நடந்து வரும்போது தலையாட்டினேன் என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

சில ஃபவுலுக்கு 4, சிலதுக்கு 6, 7. யார் முடிவு பண்ணுவது?

பந்துதான். நீங்கள் அடிக்கவேண்டிய பந்தின் மதிப்பு, தப்பாகப் பட்ட பந்தின் மதிப்பு, இரண்டில் எது பெரிதோ அது. அது 4ஐவிடக் குறைவாக இருந்தால் 4. சிவப்பை அடிக்கவேண்டிய நேரத்தில் மஞ்சளில் பட்டால் 2 என்று நினைப்பீர்கள், இல்லை, 4. கறுப்பில் பட்டால் 7. அதனால் தப்பித்து ஓடும்போதுகூட கறுப்புப் பக்கம் ஓடாதே என்பார்கள். சிவப்புக்கு மேல் சிவப்பு அடிப்பது மாதிரி சில தப்புகளுக்கு மட்டும் நேரடியாக 7.

ஃபவுல் ஆனதும் எதிராளிக்கு இன்னொரு வசதி உண்டு: தானே ஆடலாம், அல்லது ‘நீயே மறுபடி அடி’ என்று சொல்லலாம். பந்துகள் அசிங்கமாக நிற்கும்போது அத்தான் இரண்டு முறை இதைச் செய்தார். இரண்டு முறையும் ரொம்பப் பணிவாகச் சொன்னார், அதுதான் கடுப்பு.

ஸ்நூக்கர் என்ற பெயரே என்ன? ஊட்டியில் கண்டுபிடித்தது என்கிறார்களே?

பெயர் ஜபல்பூரில், சட்டம் ஊட்டியில். 1875இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பில்லியர்ட்ஸ் மேஜையில் கலர் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார் (பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள்). ராணுவப் பயிற்சிப் பள்ளியில் முதலாண்டு பையன்களைக் கேலியாக ‘ஸ்நூக்கர்’ என்பார்களாம், சுலபப் பந்தைத் தவறவிட்ட ஒருவரை அவர் அப்படிக் கூப்பிட, அது ஆட்டத்துக்கே பெயரானது என்பது கதை. 1882இல் விதிகளை எழுதி ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். ஆக, புது ஆளைக் கேலி செய்யும் சொல் அது, என் ஃப்ரேமுக்குப் பொருத்தம்தான்.

ஆட்டத்துக்குள் அதற்கு இன்னொரு அர்த்தம்: அடிக்கவேண்டிய பந்துக்கு வெள்ளையிலிருந்து நேர்வழி இல்லாமல் வேறு பந்து மறைத்தால் நீங்கள் ‘ஸ்நூக்கர்டு’ ஆகிவிட்டீர்கள். அத்தான் வெள்ளையைப் பிரவுனுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். நான் குஷனில் அடித்து வளைத்துச் சிவப்பைத் தொடப் பார்த்தேன், கோணம் தப்பி திரும்பும் வழியில் பிரவுனிலேயே பட்டது. 4.

இரண்டு பந்து ஒட்டிக்கொண்டு நின்றால் எப்படி அடிப்பது?

ஒட்டியிருக்கிற பக்கம் அடிக்கவே கூடாது. வெள்ளை ஒரு சிவப்பைத் தொட்டபடி நின்றது, மார்க்கர் அண்ணன் குனிந்து பார்த்து ‘டச்சிங் பால்’ என்றார். நான் அதைக் கேட்டுவிட்டு அந்தச் சிவப்பை நோக்கியே தள்ளினேன். இன்னொரு 4.

வெள்ளையை அந்தச் சிவப்பு அசையாமல் வேறு பக்கமாக அடித்துப் போயிருக்கணும். தொட்டபடி நிற்பதால் அந்தச் சிவப்பை ஏற்கெனவே அடித்ததாகவே கணக்கு, வேறு எதிலும் படாவிட்டாலும் ஃபவுல் இல்லை. அதாவது எனக்கு இலவசமாகத் தப்பிக்கும் வழி இருந்தது, அதையும் தண்டமாக மாற்றிக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை என்றால் ஃபவுலா?

இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் அடியில் சிதறியதில் பிங்க் ஓடிவந்து பக்கக் குஷனிலிருந்து முக்கால் அடி தூரத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒரு சிவப்பு. அதை அடிக்க பிங்குக்கு மேலே குனியணும். நான் அன்று போட்டிருந்தது தொளதொள சட்டை, வெளியே விட்டிருந்தேன். மார்க்கர் அண்ணன் டீ வாங்க வாசலுக்குப் போயிருந்தார். அத்தான் நாற்காலியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்தேன், ஸ்டிக்கை இரண்டு முறை முன்னும் பின்னும் ஓட்டினேன், அப்போது வயிற்றுக்குக் கீழே சட்டை நுனி எதையோ தொட்ட மாதிரி இருந்தது. பார்த்தால் பிங்க் ஒரு நெல் அளவுக்கு நகர்ந்து நின்றது.

நிமிர்ந்தேன். உள்ளுக்குள் கணக்கு ஓடியது. பிங்க் என்றால் 6. ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கிறேன், இந்த 6 எதையும் மாற்றப்போவதில்லை, சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். அப்படியே குனிந்து அடித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குனியவும் குனிந்தேன். ஆனால் கை ஓடவில்லை. ‘அத்தான், பிங்க்ல சட்டை பட்டுருச்சு’ என்றேன்.

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். ‘அசைஞ்சுதா?’

‘கொஞ்சம்.’

அசையாவிட்டாலும் தொட்டாலே ஃபவுல்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் எழுந்து வந்து, பலகையில் தானே 6 போட்டார். நல்லது என்றோ பரவாயில்லை என்றோ எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் ஒரு சிவப்பைத் தவறவிட்டு வெள்ளையும் பாக்கெட்டில் விழுந்தபோது, நான் பார்ப்பதற்கு முன்பே ‘நாலு உனக்கு’ என்று என் பக்கத்து முள்ளை நகர்த்தினார். நான் அப்போது டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதனால் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போங்கள். கழுத்துச் செயின், தொங்கும் ஐடி கார்டு, எல்லாம் பந்தில் படும்.

டேபிளை என்னமோ சாமி மாதிரி பண்ணுகிறார்களே, அவ்வளவு ஓவரா இருக்கணுமா?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றணும், டீ கிளாஸ் தனி ஸ்டூலில்தான், டேபிள் மேல் உட்காரக்கூடாது. தூரப் பந்துக்கு எட்டவில்லை என்று நான் ஒரு காலைத் தூக்கி மேலே வைக்கப் போனபோது அத்தான் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு கால் கண்டிப்பாகத் தரையில் இருக்கணும், இல்லாவிட்டால் அதுவும் ஃபவுல். எட்டாத பந்துக்கு ரெஸ்ட் என்று நீளக் கட்டை இருக்கிறது.

ஆனால் டேபிளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரியும். பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். துணிக்குக் கீழே இருப்பது மரப்பலகை இல்லை, ஐந்து துண்டுக் கனத்த ஸ்லேட் கல். மொத்தம் ஒரு டன்னுக்கு மேல் எடை. எங்கள் ஹாலில் தரை ஆத்தங்குடிக் கல், அது கையால் செய்தது, இம்மி ஏற்ற இறக்கம் இருக்கும். அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு ஓரத்தில் ஆள் ஏறி உட்கார்ந்தால் அந்த மட்டம் கெடலாம். கெட்டால் மெதுவாக உருளும் பந்து கடைசி அரை அடியில் ஒரு பக்கமாகச் சாயும், அதை யார் அடித்தாலும் சாயும்.

துணிக்கும் மயிர்வாக்கு உண்டு. ‘டி’ இருக்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து முனைக்குத் தடவினால் வழுவழுப்பு, எதிராகத் தடவினால் சொரசொரப்பு. பிரஷும் அந்த வாக்கில்தான் போடணும். எங்கள் ஊர் செம்மண் தூசியைச் சொல்லவேண்டியதில்லை, சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பந்து மங்கிவிடும்.

நடுவில் ஒரு முறை கரண்ட் போனது. இருட்டில் யாரும் நகரவில்லை. ‘யாரும் டேபிள்ல கை வைக்காதீங்க’ என்று மட்டும் மார்க்கர் அண்ணன் குரல் வந்தது. விளக்கு வந்தபோது நாலு டேபிளிலும் எல்லோரும் ஸ்டிக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

அடுத்தவர் அடிக்கும்போது நான் எங்கே நிற்கணும்?

அவர் பார்வைக்கோட்டில் நிற்காதீர்கள், அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவது நல்லது. பேசாமலும் இருங்கள், சாக் தேய்க்கும் சத்தம்கூட அந்த நேரத்தில் கேட்கும்.

கடைசியில் எப்படி முடிந்தது? கறுப்பு வரைக்கும் ஆடினீர்களா?

இல்லை. நடுவில் நான் இன்னொரு சிவப்பும், அதற்குப் பிறகு ஒரு பிரவுனும் ஒழுங்காகப் போட்டேன், அந்த 5 பாயிண்ட்டை இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிவப்பெல்லாம் தீர்ந்து ஆறு கலரும் நின்றபோது 63க்கு 10. மிச்சம் இருந்தது 2லிருந்து 7 வரை, கூட்டினால் 27. எல்லாவற்றையும் நானே போட்டாலும் 37தான். எதிராளி ஃபவுல் செய்தால்தான் உண்டு, அதுவும் நாலைந்து பெரிய ஃபவுல். இந்த மாதிரி நேரத்தில் கையைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கமாம். நான் இன்னும் ஆட ஆசைப்பட்டேன், ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் டேபிளுக்குக் காத்திருந்தார்கள். அத்தானுக்குக் கை கொடுத்தேன், என் கை நீலமாக இருந்ததால் அவர் கையும் நீலமானது.

பந்துகளை அள்ளி ட்ரேயில் வைத்ததும் மார்க்கர் அண்ணன் நீள பிரஷை என்னிடம் நீட்டினார். ‘எந்தப் பக்கத்திலேர்ந்து?’ என்று கேட்டார். நான் ‘டி’ முனைக்குப் போய் நின்றேன். ஒன்றும் சொல்லாமல் போய், டேபிள் துணியைத் தேய்க்கும் அயர்ன் பெட்டியைச் சொருகினார்.